‘பணம் வரலையே, அண்ணாச்சி!’: ஒரு ஸ்கிரீன்ஷாட் தகராறைத் தீர்த்த விதம்

கடையில் பணம் வாங்கும்போது எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறோம். ஸ்பீக்கர் சத்தம் போடுகிறதா என்று காது கொடுக்கிறோம். சந்தேகம் வந்தால் போனை எடுத்துப் பார்க்கிறோம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கவனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ‘அனுப்பியாச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம். நான்கு நாள் கழித்து அதே வாடிக்கையாளர் வாசலில் நின்று ‘பணம் வரவில்லை’ என்றால் கையில் என்ன இருக்கும்?

இந்தக் கட்டுரை யுபிஐ வழியாகப் பணம் அனுப்பியதற்கான ரசீதுப் படத்தைப் பற்றியது. அது எப்போது தகராறைத் தீர்க்கும், எப்போது தீர்க்காது, எடுப்பதானால் எப்படி எடுப்பது என்பதை ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். கதை கற்பனைதான். ஆனால் இதன் ஒவ்வொரு படியும் இன்று எந்தக் கடைத்தெருவிலும் நடக்கக்கூடியது.

கதை

தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடை. வீடு கட்டும் டீச்சர் ஒருவர் பிளம்பிங் சாமான் மொத்தமும் அங்கேதான் எடுத்தார். வேலை முடிந்ததும் மிச்சமான சாமான்களைச் சனிக்கிழமை மாலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு இஞ்ச் சிபிவிசி குழாய் 4, தலா 420 ரூபாய். பால் வால்வு 2, தலா 340 ரூபாய். எல்போ 20, தலா 25 ரூபாய். கூட்டினால் 2,860 ரூபாய். கடைக்காரர் பழைய பில்லை எடுத்து, ரிட்டன் சாமான்களை அதன் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டுத்தொகையைக் காட்டினார்.

“ரொக்கமா தரட்டுமா டீச்சர், போன்ல போடட்டுமா?”

“போன்லயே போட்டுடுங்க அண்ணாச்சி. என் நம்பருக்கே போடுங்க.”

அவர் போன்பே திறந்தார், டீச்சரின் எண்ணைத் தட்டினார். திரையில் டீச்சரின் பெயர் வந்தது. பெயரைப் படித்துக் காட்டிவிட்டு 2,860 அடித்தார், பின் போட்டார், பச்சை டிக் வந்தது. அடுத்து அவர் செய்தது முக்கால்வாசிப் பேர் செய்யாத வேலை. டிக் வந்த திரையோடு நிற்காமல், பரிவர்த்தனை விவரம் வரும் பக்கத்துக்குப் போய், அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். பில்லின் பின்பக்கத்தில் ‘6.42, போன்பே’ என்று எழுதினார். பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். படத்தை டீச்சருக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தவர், சிமெண்ட் லோடு வந்து இறங்கியதில் மறந்துவிட்டார்.

புதன்கிழமை காலை டீச்சர் வந்தார். கையில் பாஸ்புக்.

“அண்ணாச்சி, ரிட்டன் பணம் இன்னும் வரலையே. நேத்து பேங்குக்குப் போய் என்ட்ரியே போட்டுட்டு வந்துட்டேன். பாருங்க, சனிக்கிழமையிலிருந்து ஒண்ணும் வரல.”

கடையில் ஆள் இருந்தது. ஒரு கொத்தனாரும் இரண்டு பெயிண்டர்களும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். டீச்சர் சொன்னது உண்மைதான். சனிக்கிழமைக்குப் பிறகு அதில் வரவே இல்லை.

இந்த இடத்தில் ‘நான் அனுப்பிட்டேன் டீச்சர்’ என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கலாம். அவரும் அடித்துச் சொல்வார், இவரும் அடித்துச் சொல்வார், வேடிக்கை பார்க்கிறவர்கள் பாஸ்புக் பக்கம் சாய்வார்கள். அவர் அதைச் செய்யவில்லை. ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து டீச்சர் கையில் கொடுத்தார்.

“டீச்சர், இதுல மூணு விஷயம் பாருங்க. பேரு உங்க பேருதானே? தேதி, மணி சரியா? இப்ப இந்த UTR-னு போட்டிருக்கிற பன்னிரண்டு நம்பர். இதை ஒரு சீட்டுல எழுதித் தர்றேன். உங்க நம்பர்ல வேற ஏதாவது பேங்க் அக்கவுண்டு இருக்கா?”

“எனக்கு ஒரே அக்கவுண்டுதான் அண்ணாச்சி. பென்ஷன் வருமே, அதுதான். ஜிபேயும் அதுலதான் வச்சிருக்கேன்.”

“நான் அனுப்பினது போன்பேல. இங்க பாருங்க, உங்க யுபிஐ முகவரி @ybl-னு முடியுது. அது போன்பே முகவரி. உங்க நம்பர்ல யாரோ போன்பே போட்டிருக்காங்க.”

டீச்சர் யோசித்தார். போன வருஷம் மகன் ஊருக்கு வந்திருந்தபோது கரண்ட் பில் கட்டுவதற்காக இதே எண்ணில் போன்பே போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அப்போது இணைத்தது பென்ஷன் கணக்கை அல்ல. சொசைட்டி கடனுக்காக முன்பு தொடங்கிய வேறொரு வங்கிக் கணக்கை. அந்தப் பாஸ்புக் பீரோவில் கிடக்கிறது. அந்த வங்கியில் பதிவு செய்திருக்கும் மின்னஞ்சல் மகனுடையது.

மகனுக்குப் போன் போட்டார்கள். கடைக்காரர் எண்ணை மெதுவாகப் படித்தார். மகன் தன் மின்னஞ்சலில் சனிக்கிழமைத் தேதியைத் தேடினார். 2,860 ரூபாய் வரவு. கீழே இருந்த யுபிஐ குறிப்பு எண்ணைக் கடைசி இலக்கம்வரை திருப்பிப் படித்தார். பன்னிரண்டும் ஒத்துப்போனது.

“என் பேருல காசு வந்து எனக்கே தெரியல பாருங்க” என்றார் டீச்சர். கொத்தனார் தன் லிஸ்ட்டை நீட்டினார். மொத்தமே பத்து நிமிடம்.

எது தீர்த்தது?

தகராறு பச்சை டிக்கால் தீரவில்லை. டிக் போட்ட படத்தை மட்டும் காட்டியிருந்தால் ‘உங்க போன்ல அப்படிக் காட்டுது, என் பாஸ்புக்ல வரலையே’ என்று டீச்சர் நியாயமாகவே கேட்டிருப்பார். தீர்த்தது அந்தப் பன்னிரண்டு இலக்க எண். ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனைக்கும் ஒரு எண் உண்டு. அனுப்பியவரின் வங்கி, பெற்றவரின் வங்கி இரண்டிலும் அதே எண் பதிவாகும். அதனால் கடைக்காரர் ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘உங்கள் வங்கியையே கேளுங்கள்’ என்று சொல்ல முடிந்தது. அந்த எண் மகனின் மின்னஞ்சலில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகும்வரை, ஸ்கிரீன்ஷாட் ஒரு தரப்பின் படம் மட்டுமே. ஒத்துப்போன பிறகுதான் அது ஆதாரம்.

இரண்டாவதாக உதவியது @ybl என்ற வால். பணம் போனதா என்பதற்கு எண் பதில் சொன்னது. எங்கே போனது என்பதற்கு இந்த வால் பதில் சொன்னது. ஒரே போன் எண்ணில் ஒருவர் இரண்டு மூன்று செயலிகள் வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வங்கிக் கணக்கை இணைத்திருக்கலாம். நீங்கள் எண்ணைத் தட்டினால் பணம் அவர் மனதில் நினைத்த கணக்குக்குப் போகும் என்று உத்தரவாதமில்லை. எந்த யுபிஐ முகவரிக்கு அனுப்புகிறீர்களோ, அதில் பணம் பெறுவதற்கென்று குறித்து வைத்த கணக்குக்குத்தான் போகும். வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் பொய் சொல்லவில்லை; இருவரும் வேறு வேறு கணக்கைப் பார்த்துப் பேசினார்கள். ‘பணம் வரல’ என்று வரும் புகார்களில் இந்த வகையை முதலில் சோதித்துவிடுங்கள். சண்டை இல்லாமல் தீரும் வகை இது.

படத்தை எப்படி எடுப்பது

பணம் போனவுடன் வரும் டிக் திரை பார்க்க அழகாக இருக்கும். பல செயலிகளில் அதில் தொகையும் பெயரும் மட்டுமே பெரிதாகத் தெரியும். அதைப் படம் எடுத்து வைப்பதில் பயன் குறைவு. ‘விவரம் பார்க்க’ என்ற இடத்தைத் தட்டி உள்ளே போங்கள். அந்தப் பக்கத்தில் ஐந்து விஷயங்கள் ஒரே படத்தில் விழ வேண்டும்: தொகை, தேதியும் நேரமும், வெற்றி என்ற நிலை, யாருக்குப் போனது என்ற பெயரும் யுபிஐ முகவரியும், பன்னிரண்டு இலக்க எண். திரை நீளமாக இருந்தால் இரண்டு படமாக எடுங்கள். ஓரத்தை வெட்டி அழகுபடுத்த வேண்டாம். வெட்டிய படத்தைப் பார்ப்பவருக்கு ‘எதை மறைக்கிறார்?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

எண் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. ரசீதில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று செயலி தன் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் எண். மற்றொன்று வங்கிகளுக்குப் பொதுவான எண். போன்பேயில் T என்ற எழுத்தில் தொடங்கும் நீளமான எண் செயலியுடையது. UTR என்ற தலைப்பின் கீழ் வருவதுதான் வங்கி எண். கூகுள் பேயில் Google transaction ID என்பது செயலியுடையது. UPI transaction ID என்பதுதான் வங்கி எண். வாடிக்கையாளரிடம் T எண்ணைக் கொடுத்து அனுப்பினால் அவர் வங்கியில் போய் நின்று, ‘இப்படி ஒரு எண்ணே இல்லை’ என்ற பதிலோடு திரும்புவார். அப்போது உங்கள் மேல் இல்லாத சந்தேகமும் வந்துவிடும். எழுத்து கலக்காத, பன்னிரண்டு இலக்கம் உள்ள எண்ணைக் கொடுங்கள்.

நிலை என்ன என்பதையும் படித்துவிட்டு எடுங்கள். ‘செயலாக்கத்தில் உள்ளது’, ‘நிலுவையில்’ என்று வரும் திரையும் அவசரத்தில் பார்த்தால் வெற்றித் திரை போலவே தெரியும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ‘அனுப்பியாச்சு’ என்று சொன்னவர்கள், மறுநாள் பணம் தங்கள் கணக்குக்கே திரும்பி வந்திருப்பதைக் கண்டு விழிப்பார்கள்.

எடுத்த படம் கேலரியில் கிடந்தால் போதாது. கதையில் கடைக்காரர் விட்ட ஒரே படி, படத்தை அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பாதது. அனுப்பியிருந்தால் டீச்சர் சனிக்கிழமை இரவே @ybl என்ன என்று மகனிடம் கேட்டிருப்பார். பாஸ்புக் எடுத்துக்கொண்டு புதன்கிழமை வந்திருக்க மாட்டார். படத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘பில் எண் 418, ரிட்டன் 2,860 ரூபாய், வந்ததும் சொல்லுங்க’. அந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. பணம் எதற்காகப் போனது என்பது எழுத்தில் நிற்கிறது. வரவில்லை என்றால் அன்றே சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பதிவாகிறது. பணம் அனுப்பும்போதே குறிப்பு எழுதும் இடத்தில் பில் எண்ணை அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

ரிட்டன் பணத்துக்கு மூன்று பழக்கம்

முதல் பழக்கம், வந்த வழியே திருப்பி அனுப்புவது. வாடிக்கையாளர் எந்தச் செயலியில் பணம் கட்டினாரோ, அந்தப் பழைய பரிவர்த்தனையைத் திறந்து அங்கிருந்தே திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். வணிகக் கணக்குச் செயலிகளில் இந்த வசதி உண்டு. கட்டிய கணக்குக்கே பணம் திரும்பினால் ‘எந்தக் கணக்கு’ என்ற கேள்வியே எழாது. அவர் ரொக்கமாகக் கட்டியிருந்தால், முடிந்தவரை ரொக்கமாகவே கொடுத்து, பில்லின் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எண்ணைக் கேட்பதற்குப் பதில் க்யூஆர் கேட்பது. ‘உங்க போன்ல க்யூஆர் காட்டுங்க’ என்றால் வாடிக்கையாளர் தான் தினமும் பயன்படுத்தும் செயலியைத்தான் திறப்பார். அதை ஸ்கேன் செய்தால் அந்தச் செயலியின் முகவரிக்கே பணம் போகும். டீச்சர் தன் கூகுள் பே க்யூஆரைக் காட்டியிருந்தால் பணம் பென்ஷன் கணக்கில் விழுந்திருக்கும். எண்ணைத் தட்டும்போது ஒரு இலக்கம் மாறி முன்பின் தெரியாதவருக்குப் பணம் போகும் ஆபத்தும் இதில் இல்லை.

மூன்றாவது, தொகை பெரிதானால் முதலில் ஒரு ரூபாய் அனுப்புவது. வாடிக்கையாளர் எதிரிலேயே நிற்கும்போது ஒரு ரூபாய் போட்டு, ‘வந்துச்சா, எந்த பேங்க்ல காட்டுது?’ என்று கேளுங்கள். அவர் போனில் பார்த்துச் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் இன்னொரு தாளும் தேவை. வரி போட்டு விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதற்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைக் காட்டும். சரக்கு திரும்பியதைக் காட்டாது. கிரெடிட் நோட்டில் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணையும் எழுதிவிட்டால் ஆடிட்டர் கேட்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்.

எதிர்ப்பக்கம்: வாடிக்கையாளர் படம் காட்டினால்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பலாமே’ என்று நினைத்தால் கடையில் நஷ்டம்தான். உங்கள் படம் டீச்சரிடம் செல்லுபடியானதற்குக் காரணம், அவர் அதைத் தன் வங்கியில் சரிபார்த்தது. அதே விதி உங்களுக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் காட்டும் படம் உங்கள் கணக்கில் சரிபார்க்கப்படும்வரை அது வெறும் படம்.

பெயர், தொகை, டிக், பன்னிரண்டு இலக்க எண் எல்லாம் அச்சு அசலாக வரும்படி போலிச் செயலிகள் புழங்குகின்றன. உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்வது போல நடித்து, உங்கள் கடைப் பெயரையே திரையில் வர வைக்க முடியும். கண்ணால் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். எழுத்துரு, நிறம் என்று தேடுவது வீண்; அடுத்த முறை அதையும் சரிசெய்துகொண்டு வருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கணக்கில் வந்ததா?

அதற்கு ஸ்பீக்கர் பெட்டி நல்ல துணை. ஆனால் நெட்வொர்க் இல்லாத நேரத்தில் அது ஊமையாகிவிடும்; சந்தை நேர இரைச்சலில் பக்கத்துக் கடைச் சத்தம் உங்களுடையது போலக் கேட்கும். ஸ்பீக்கர் பேசாவிட்டால் வணிகச் செயலியில் வரவுப் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். வங்கிச் செய்தி போலவே வரும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதையும் போலியாக அனுப்ப முடியும்.

ஒரு நுணுக்கம் பல கடைக்காரர்களைக் குழப்புகிறது. சில வணிகக் க்யூஆர்களில் நாள் முழுதும் வந்த தொகை தனித்தனியாக வங்கிக்குப் போகாது. மொத்தமாகச் சேர்த்து ஒரே வரவாகப் போகும். அப்படியிருக்க, ஒருவர் கட்டியதாகச் சொல்லும் தொகைக்குப் பாஸ்புக்கில் தனி வரி இல்லை என்பதை வைத்து ‘நீங்க கட்டல’ என்று சொல்லிவிடாதீர்கள். தனித்தனி விவரம் வணிகச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் இருக்கும். வாடிக்கையாளரின் எண்ணை அங்கே தேடுங்கள். டீச்சர் பார்த்த பாஸ்புக் போல, நீங்களும் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வாடிக்கையாளரின் படம் ஒரு விஷயத்தில் மிகவும் உதவும். அவரிடம் பணம் பிடித்திருக்கிறது, உங்களிடம் வரவில்லை என்றால், அவர் படத்தில் யாருக்குப் போனது என்ற வரியை முதலில் பாருங்கள். பக்கத்துக் கடைக் க்யூஆரை ஸ்கேன் செய்திருக்கலாம். உங்கள் க்யூஆர் மேல் யாரோ வேறு க்யூஆர் ஒட்டிவிட்டுப் போயிருக்கவும் கூடும். அப்படி வேறு பெயர் வந்தால் அது அந்த ஒரு வாடிக்கையாளரின் பிரச்சினை அல்ல. உடனே க்யூஆரை மூடி வையுங்கள். தினமும் கடை திறக்கும்போது நீங்களே ஒரு முறை உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்து பெயரைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பணம் நடுவில் நின்றால்

வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்துவிட்டது, உங்களுக்கு உறுதி வரவில்லை, பெயரும் சரியாக இருக்கிறது. இது யாருடைய ஏமாற்றும் அல்ல. பரிவர்த்தனை நடுவில் நிற்கிறது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு வகுத்திருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் பிடிக்கப்பட்டு கடைக்கு உறுதி வராவிட்டால், பணம் பிடித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகவே வாடிக்கையாளருக்குத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் கெடு அடுத்த நாள். கெடு தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கணக்கில் வர வேண்டும்.

கவுண்டரில் இதை வைத்து முடிவெடுப்பது எளிது. தெரிந்த வாடிக்கையாளர் என்றால் சரக்கைக் கொடுத்துவிட்டு, அவருடைய எண்ணையும் தொகையையும் நோட்டில் எழுதி வையுங்கள். பணம் அவருக்குத் திரும்பினால் மறுபடி கட்டச் சொல்லுங்கள். தெரியாதவர் என்றால் வேறு வழியில் கட்டச் சொல்லி, ‘முதல் பணமும் என் கணக்குக்கு வந்துவிட்டால் திருப்பித் தருகிறேன்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டிலும் அதே பன்னிரண்டு இலக்க எண் இருக்கட்டும். ‘இரண்டு தடவை கட்டிவிட்டேனே’ என்ற பயம்தான் பெரும்பாலும் சண்டையாக மாறுகிறது. சீட்டு அந்தப் பயத்தை எடுத்துவிடும்.

கடையைத் தாண்டிப் போனால்

எண் ஒத்துப்போகவில்லை, இரு தரப்பும் விடவில்லை என்றால் படிகள் இவை. முதலில் பணம் அனுப்பிய செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள்; புகார் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் பணம் அனுப்பியவரின் வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். நடந்தது மோசடி என்று தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அங்கே நேரம்தான் முக்கியம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த முயல்வார்கள்.

வழக்கு என்று போனால் ஸ்கிரீன்ஷாட்டின் பலம் குறைந்துவிடும். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னதுதான் இது. அதைவிட எளிய வழி, வங்கியிடம் அந்தக் காலத்துக்கான கணக்கு அறிக்கையைச் சான்றளித்து வாங்குவது. வங்கிப் புத்தகங்களின் சான்றளித்த நகலுக்கு 1891ஆம் ஆண்டுச் சட்டமே மதிப்பு கொடுத்திருக்கிறது. அப்போதும் ஸ்கிரீன்ஷாட் வீணாகாது. ஆயிரம் வரிகள் உள்ள அறிக்கையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தேதியும் நேரமும் எண்ணுமாக அதுதான் சொல்லும்.

படங்களைச் சேர்த்து வைப்பது பற்றிக் கடைசியாக ஒரு விஷயம். போன் மாறினால், தொலைந்தால் கேலரி போய்விடும். மாதம் ஒரு முறை வங்கி அறிக்கையைப் பிடிஎஃப்பாக இறக்கி மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். ரிட்டன் கொடுத்த படங்களுக்கு மட்டும் தனி ஆல்பம் வைத்து, கடை கட்டும் நேரத்தில் அன்றைய ரிட்டன் பில்களோடு ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் வாட்ஸ்அப்பில் போன ஒரு செய்தி. எது விடுபட்டிருக்கிறதோ அதை அன்றிரவே அனுப்பிவிடுங்கள். அப்படிச் செய்தால் ‘வரலையே’ என்ற புகார், வருவதாக இருந்தால் மறுநாளே வந்துவிடும். ஒரே நாள் பழையதான புகாரை எண்ணை வைத்து நிதானமாகத் தேடிவிடலாம்.